கேட் நம்பர் இல்லாத போர்டிங் பாஸ்

எங்கள் கடைக்கு வரும் போர்டிங் பாஸ் படங்களில் பெரும்பாலும் ஒரு கட்டைவிரல் இருக்கும். சீட்டைப் பிடித்திருக்கிற அந்த விரல், எதை மறைக்கக் கூடாதோ அதைத்தான் கச்சிதமாக மறைத்துக்கொண்டிருக்கும். சில படங்களில் விமான நிலையத்து விளக்கு வெளிச்சம் பட்டு நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு. சிலர் அவசரத்தில் தங்கள் செருப்புக் காலையும் சேர்த்து எடுத்து அனுப்பிவிடுவார்கள். நான் அவற்றைப் பெரிதாக்கி, சாய்த்து, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் படித்து, ஐந்து கட்டங்களில் தட்டச்சு செய்வேன். பயணி, விமானம், கேட், இருக்கை, நேரம். அதைத் தமிழில் ஒரு சீட்டாக மாற்றி அவர்களுடைய வாட்சப்புக்கே திருப்பி அனுப்புவேன். கீரமங்கலம் கடைவீதியில் ஒரு டிராவல்ஸ் கடையில் எனக்கு அதுதான் வேலை.

டிக்கெட் எடுத்துக் கொடுத்ததோடு எங்கள் கடையின் வேலை முடியாது. வளைகுடாவுக்குப் போகிறவர்களில் ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர்கள் நிறையப் பேர். திருச்சி விமான நிலையத்தில் கவுன்டரில் பாஸை வாங்கியதும் அதைப் படம் பிடித்து எங்களுக்கு அனுப்புவார்கள். நாங்கள் அனுப்பும் தமிழ்ச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் அடுத்த அடி எடுத்து வைப்பார்கள். யார் தொடங்கிய பழக்கம் என்று தெரியாது. இந்தச் சீட்டுக்காகவே எங்களிடம் டிக்கெட் எடுக்க ஆவுடையார்கோவில் பக்கமிருந்துகூட ஆட்கள் வருவார்கள்.

பார்க்க எளிதான வேலைதான். செய்தால்தான் தெரியும். பாஸில் பெயர் நம் பெயர் மாதிரியே இருக்காது. அப்பா பெயர் முன்னால் நிற்கும், ஒரு சாய்கோடு, அப்புறம் அவருடைய பெயர், அதன் வாலில் ‘மிஸ்டர்’ என்பதற்கான இரண்டு எழுத்து இடைவெளியே இல்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். பெயர் நீளமாக இருந்தால் பாதியில் வெட்டியிருப்பார்கள். இருக்கை எண்ணுக்குப் பக்கத்திலேயே, எத்தனையாவது ஆளாகச் செக்-இன் செய்தார் என்ற வரிசை எண் இருக்கும். அவசரப்பட்டால் அதை இருக்கை என்று போட்டுவிடுவோம். நேரம் இரண்டு இருக்கும். ஒன்று விமானத்தில் ஏறக் கூப்பிடும் நேரம், மற்றது விமானம் கிளம்பும் நேரம். கிளம்பும் நேரத்தைப் போட்டால் ஆள் அந்த நேரத்துக்கு ஆடி அசைந்து போய்ச் சேருவார், அதற்கு முன்பே கதவைச் சாத்திவிடுவார்கள். நான் ஏறும் நேரத்தைத்தான் போடுவேன், பக்கத்தில் ‘அந்த ஊர் நேரம்’ என்றும் போடுவேன்.

மிச்சம் இருப்பது கேட். விமானத்தில் ஏறப் போகும் வாசலின் எண். நேராகப் போகும் விமானம் என்றால் பெரும்பாலும் அச்சாகியிருக்கும். நடுவில் ஓர் ஊரில் இறங்கி மாற வேண்டிய பயணம் என்றால் திருச்சியிலேயே இரண்டு பாஸையும் கையில் கொடுத்துவிடுவார்கள். இரண்டாவது பாஸில் கேட் என்ற இடம் பல நேரம் வெறுமையாகவே இருக்கும். அந்த ஊரில் எந்த வாசல் என்பது இன்னும் முடிவாகியிருக்காது. அங்கே இறங்கிய பிறகு திரையில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதை எங்கள் முதலாளிக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சம்பளத்தை இழுத்தடித்ததில்லை. ஆனால் தனக்குத் தெரியாத விஷயம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதை அவரால் தாங்கவே முடியாது. ஊரில் பாதிப் பேரை விமானம் ஏற்றியவர், தான் ஒருமுறைகூட ஏறியதில்லை. நான் முதலில் கேட் கட்டத்தில் ‘அங்கே திரையில் பார்க்கவும்’ என்று போட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன். உடனே போன் வரும். “என்னங்க, கேட் போடலையே?” “எந்தத் திரைங்க, டிவியா?” நான் பொறுமையாகச் சொல்லுவேன், பெரிய டிவி மாதிரித் தொங்கும், உங்க விமான நம்பரைத் தேடுங்க, தெரியலைன்னா பாஸைக் காட்டி யாரையாவது கேளுங்க என்று. அந்தப் போன்கள் முதலாளிக்குப் பிடிக்கவில்லை. சீட்டில் குறை வைத்து அனுப்பினால் கடைக்குத்தான் கெட்ட பெயர் என்றார். ஒருநாள் கணினிக்காரரைக் கூட்டிவந்து, ஐந்து கட்டமும் நிரம்பினால்தான் சீட்டு உருவாகும் என்று மாற்றிவிட்டார். கேட் கட்டத்தில் நான்கு எழுத்துக்கு மேல் போகாது. காலியாக விட்டால் கட்டம் சிவப்பாகி நிற்கும்.

“அண்ணே, பாஸ்லயே இல்லாததை நான் எங்கிட்டுப் போய்க் கொண்டுவாரது?” என்று கேட்டேன்.

“ஒனக்கு எல்லாத்துக்கும் ஒரு வியாக்கியானம். ஏதாச்சும் கோடு கீடு போட்டு முடியேன்.”

அப்படியே இரண்டு கோடு போட்டு முடித்துவந்தேன். சீட்டை அனுப்பிய கையோடு ஒரு குரல் செய்தியும் அனுப்பிவிடுவேன், கேட் இன்னும் வரவில்லை, இறங்கிக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று. அது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் அதற்கும் ஒரு பாட்டு இருந்திருக்கும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். சொல்லும்போதே எனக்குக் காது சூடாகிறது.

குவைத்தில் ஒரு வீட்டுக்கு டிரைவராக இருந்தார் ஒருவர். எங்கள் பக்கத்துக்காரர்தான். விடுப்பில் வந்தார். மகளுக்கு நிச்சயம் செய்த கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில் ஒரு சாவால் தள்ளிப்போனது. அது முடியும்வரை இருந்துவிட்டார். அங்கே தங்கி வேலை செய்வதற்கான அனுமதியை இகாமா என்பார்கள். இவ்வளவு காலத்துக்குள் திரும்பி நாட்டுக்குள் நுழைந்துவிட வேண்டும் என்று அதற்கு ஒரு கெடு உண்டு. தாண்டினால் அது செத்துவிடும், வேலையும் அதோடு போய்விடும். அவர் குடும்பத்தை நிமிர்த்தி வைத்திருந்ததே அந்த ஒரு வேலைதான். அவருக்குக் கிடைத்த டிக்கெட் கெடுவின் கடைசி நாளில். ஷார்ஜாவில் இறங்கி மாறி, அன்று மாலைக்குள் குவைத் போய்ச் சேர வேண்டும்.

டிக்கெட் எடுக்க வந்த அன்று அவருடைய மனைவியும் வந்திருந்தார். மார்க்கெட்டில் பூ வியாபாரம் செய்கிறவர். “தங்கச்சி, இவருக்கு ஒன்னும் வெவரம் பத்தாது. போனவாட்டி நேர் பிளைட்டு. இந்தவாட்டி மாறிப் போகணுமாம். நல்லாத் தெளிவா எழுதி அனுப்பும்மா” என்றார். அனுப்புகிறேன் அக்கா, நான் இருக்கேன்ல என்றேன்.

அன்று காலை நான் கடையில் இல்லை. மகனுடைய பள்ளியில் வரச்சொல்லியிருந்தார்கள். முதலாளியிடம் முதல்நாளே சொல்லித்தான் போனேன். குவைத் அண்ணன் படம் அனுப்புவார், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன், அவர் ஏறுவதற்குள் வந்துவிடுவேன் என்றேன். பள்ளியில் என்னை உட்காரவைத்துவிட்டார்கள். நான் கடைக்கு வந்தபோது அவருடைய விமானம் திருச்சியிலிருந்து கிளம்பியிருந்தது.

“அந்தக் குவைத்துக்காரருக்கு நானே போட்டு அனுப்பிட்டேன். என்னமோ பெரிய வேலை மாதிரி அலட்டிக்கிறியே, ரெண்டு நிமிசம் ஆகல” என்றார் முதலாளி. டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்.

அனுப்பிய சீட்டுகளைத் திறந்தேன். முதல் சீட்டு சரியாக இருந்தது. திருச்சி, கேட் நான்கு. இரண்டாவது சீட்டைப் பார்த்தேன். பெயர் சரி, விமானம் சரி, இருக்கை சரி, நேரமும் சரிதான். கேட்: நான்கு.

படத்தைத் திறந்தேன். இரண்டு பாஸையும் விரித்துப் பிடித்து, இந்த ஒருமுறை கட்டைவிரலும் வெளிச்சமும் எதையும் மறைக்காமல், அவ்வளவு சுத்தமாக எடுத்திருந்தார் அந்த மனிதர். இரண்டாவது பாஸில் கேட் என்ற சொல்லுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. வெள்ளைக் காகிதம்.

“அண்ணே, இந்த நாலு எங்கிருந்து வந்துச்சு?”

“கட்டம் செவப்பா நின்னுச்சு. அதான் போட்டேன்.”

“அது திருச்சி கேட். இது ஷார்ஜால ஏறுறது.”

“அதே கம்பெனி பிளைட்டுதானம்மா? புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல திருச்சி வண்டி எப்பவும் ஒரே எடத்துலதான நிக்குது? திருச்சிக்குப் போனா அங்கயும் புதுக்கோட்டை வண்டிக்குன்னு ஒரு எடம் இருக்குல்ல? கம்பெனிக்காரன் ஆளுக்கொரு எடம் வச்சிருப்பான்.”

விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. தான் கண்டுபிடித்ததில் அவருக்கு ஒரு திருப்திகூட இருந்தது.

சத்தம் போட்டேன். கடையில் இருந்த இரண்டு வாடிக்கையாளர்களும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குப் போட்டேன். அவர் என்னைவிடச் சத்தமாக, “ஆளுங்க முன்னாடி இப்பிடிப் பேசாத” என்றார். ஆளுங்க முன்னாடி பேசுவதுதான் அவருக்குப் பிரச்சினை. ஒரு மனுசன் அந்தரத்தில் பறந்துகொண்டிருக்கிறான், கையில் பொய்ச் சீட்டு இருக்கிறது, அது பிரச்சினை இல்லை.

உடனே திருத்திய செய்தி அனுப்பினேன். கேட் நான்கு தவறு, இறங்கியதும் திரையில் பாருங்கள் அல்லது கேளுங்கள் என்று எழுத்திலும், அப்புறம் குரலிலும். ஒற்றை டிக் விழுந்தது, அவ்வளவுதான். போன் அணைந்திருந்தது. இறங்கிய பிறகும் நம்மூர் சிம் அங்கே வேலை செய்யாது. விமான நிலையத்து வைஃபையில் சேரத் தெரிந்தால்தான் உண்டு. அவருக்கு அது தெரியாது என்பது எனக்குத் தெரியும், அவருக்கு வாட்சப்பில் படம் அனுப்பக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

மதியம் ஷார்ஜா விமான நிலையத்தின் இணையப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவருடைய விமானம் வந்து இறங்கியது. கொஞ்ச நேரத்தில் குவைத் விமானத்துக்கு நேராகக் கேட் விழுந்தது. பதினேழு. அதையும் அனுப்பினேன். ஒற்றை டிக். விமானக் கம்பெனியின் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டேன். பாட்டுப் போட்டுக் காக்கவைத்து, கடைசியில் ஒரு பெண் வந்து, பயணிக்குத் தகவல் சொல்லும் வசதி தங்களிடம் இல்லை என்றாள். அவருடைய மனைவியைக் கூப்பிட்டேன். ஷார்ஜாவில் சொந்தக்காரப் பையன் ஒருவன் இருக்கிறான் என்றார். அவன் போனாலும் உள்ளே விட மாட்டார்களே அக்கா என்றேன். பூக்கடைச் சத்தத்துக்கு நடுவே, “நான் அங்க வாரேன்” என்று வைத்துவிட்டார்.

முதலாளி இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். “ஏன் இப்பிடிப் பதறுற? அங்க நம்மாளுக இல்லாத எடமா? போய்ச் சேர்ந்துருவாரு” என்றார். சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து சாப்பிடவும் செய்தார். எனக்கு அந்தச் சாம்பார் வாசனையே பிடிக்கவில்லை.

விமானம் கிளம்பியதாக இணையத்தில் விழுந்து கொஞ்ச நேரம் கழித்து முதலாளியின் போனில் ஒரு குரல் செய்தி வந்தது. அவர் அதைச் சத்தமாக ஓடவிட்டார்.

“அண்ணே, நான்தான் பேசுறேன். பிளைட்டு போயிருச்சுண்ணே. நம்ம கடையில போட்டுக்குடுத்த நாலாம் நம்பர்லதான் உக்காந்திருந்தேன். அங்க வேல பாக்குற ஒரு பொம்பளப் புள்ள வந்து பாஸைப் பாத்துட்டு, இங்க இல்ல, அங்கிட்டுப் போ, பதினேழுன்னு வெரலைக் காட்டுச்சு. நாந்தான், நம்ம கடையில நாலுன்னு தமிழ்லயே தெளிவாப் போட்டிருக்காங்களே, இது வேற யாரையோ நெனச்சுச் சொல்லுதுன்னு திரும்ப வந்து உக்காந்துட்டேன். பெறகு ஒரு மலையாளத்துத் தம்பி பாத்துட்டுச் சொல்லி ஓடுனேன். கதவை அடைச்சிட்டாங்கண்ணே. கண்ணாடிக்கு அங்கிட்டு பிளைட்டு நிக்குது, எனக்குக் கண்ணுக்குத் தெரியுது, விடமாட்டேன்டாங்க. தப்பு என் மேலதாண்ணே. அந்தத் தம்பி போன்லேர்ந்து நெட்டு வாங்கிப் பேசுறேன். ராத்திரிக்குள்ள போற மாதிரி வேற ஏதும் இருக்கான்னு கொஞ்சம் பாருங்கண்ணே.”

பார்த்தேன். எல்லாக் கம்பெனியையும் பார்த்தேன். இருந்த விமானங்களில் இடம் இல்லை. இடம் இருந்தவை போய்ச் சேரும்போது தேதி மாறியிருந்தது. அன்றைய ராத்திரியோடு இகாமா செத்துவிடும். அது மாதிரி ஒரு கோபமும் இயலாமையும் எனக்கு அதற்கு முன்பு வந்ததில்லை. விசைப்பலகையை ஓங்கி அடித்தேன்.

அந்த நேரத்தில்தான் அவருடைய மனைவி கடைக்குள் வந்தார். கையில் பூக்கட்டும் நார் சுற்றியபடியே இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளி எழுந்து நாற்காலி இழுத்துப் போட்டார். “உக்காரு ஆத்தா. பிளைட்டைத் தவறவிட்டுட்டாரு. அங்க இருக்கவங்க கூப்பிட்டுச் சொல்லியிருக்காங்க, இவருதான் கேக்காம உக்காந்துட்டாரு. நான் சொல்லல, அவரே சொல்றாரு, கேளு” என்று அந்தக் குரல் செய்தியை மறுபடியும் ஓடவிட்டார். ‘தப்பு என் மேலதாண்ணே’ என்ற இடம் வந்ததும் நிறுத்தினார்.

ஒரு மனிதன் பெருந்தன்மையாகச் சொன்ன வார்த்தையை எடுத்து அவன் பெண்டாட்டி முன்னாலேயே அவன் கழுத்தில் மாட்டுகிறானே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அண்ணன், முதலாளி என்ற மரியாதையெல்லாம் அந்த இடத்தில் எனக்குக் கழன்றுவிட்டது.

“அக்கா, அவரு மேல தப்பு இல்ல. நாலுன்னு பாஸ்ல இல்லவே இல்ல. இவரா போட்டாரு” என்றேன்.

“ஏய், வாயை மூடு. போட்டோ தெளிவா இல்லம்மா, அதான் ஒரு சின்ன...” என்று முதலாளி இழுத்தார்.

“தெளிவா இல்லையா? இந்தாங்க, பாருங்க அக்கா.” கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினேன். படத்தைப் பெரிதாக்கினேன். முதல் பாஸ், இரண்டாவது பாஸ். ஒவ்வொன்றிலும் கேட் இருக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டினேன்.

அவருக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழும் தட்டுத்தடுமாறித்தான். முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். ஈரமான விரலை முதல் பாஸின் எண் மேல் வைத்தார். பிறகு இரண்டாவது பாஸில் அதே இடத்துக்கு நகர்த்தினார்.

“இதுல ஏதோ எழுதியிருக்கு. இதுல ஒன்னுமே எழுதலையே.”

“ஆமாக்கா.”

அவர் முதலாளியைத் திரும்பிப் பார்த்தார். அவர் குரல் உயரவே இல்லை. “ஒன்னும் எழுதாத எடத்துல நீங்க ஏன் எழுதுனீங்க?”

“வெறுமனே எப்பிடி ஆத்தா அனுப்புறது? அவரு பயந்துருவாருல்ல, அதான்...”

“பயந்திருந்தா கேட்டிருப்பாருங்க” என்றார் அவர். “நாலு பேரைக் கேட்டாவது போய்ச் சேந்திருப்பாரு. நீங்க எழுதிக் குடுத்ததாலதான் அந்தப் புள்ள சொன்னதைக்கூட அவரு நம்பல.”

ராத்திரிக்குள் குவைத் போய்ச் சேர வேறு விமானம் இல்லை, இகாமா போய்விடும் என்பதை நான்தான் சொன்னேன். நாற்காலியில் கடைசிவரை உட்காராமலே நின்ற அந்த அக்கா, என்னைப் பார்த்து, அவரைத் திருப்பி அனுப்பினால் எந்த விமானத்தில் வருவார், திருச்சிக்கு எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை அக்கா என்றே சொன்னேன். சரி, ஏர்போர்ட்டிலேயே போய் விசாரித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் திருச்சிக்குப் பஸ் பிடிக்கப் போனார்.